பீட்ரூட்டா, ஈரலா, கொய்யாவா, மாத்திரையா: பதினைந்து வயதுப் பெண்ணின் இரும்புக் கணக்கு

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அக்கா, சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் புதுச்சேரிக்குத் தொலைபேசியில் அழைத்து, "பெரியவ பச்சரிசிய அள்ளி அள்ளித் தின்னுறாடி, கல்யாணத்தன்னிக்கு மழை வரும்னு திட்டினாலும் கேக்கல" என்றார். முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடியை வாயில் போட்டுக்கொள்வதை நாம் எல்லோரும் விளையாட்டாகத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம். உணவியல் ஆலோசகராக இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்ட எனக்கு அந்த வார்த்தை விளையாட்டாகப் படவில்லை. அரிசி, சாம்பல், பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு, ஐஸ்கட்டி என்று உணவல்லாததையோ சமைக்காததையோ ஒரு பெண் குழந்தை தேடித் தேடித் தின்கிறாள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அவளுடைய இரத்தத்தில் இரும்புச்சத்து இருக்கிறதா என்பதைத்தான்.

அடுத்த சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். வயது பதினைந்து, எடை 45 கிலோ, பத்தாம் வகுப்பு. பன்னிரண்டாம் வயதில் பெரியவளானவள். கீழிமையை இழுத்துப் பார்த்தபோது உள்புறம் வெளிறிக் கிடந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 கிராம் வந்தது. அவள் வயதுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. சிவப்பணுக்களின் சராசரி அளவு 68; வழக்கமாக அது 80க்கு மேல் இருக்க வேண்டும். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 தான் இருந்தது. நோய்த்தொற்று எதுவும் இல்லாத ஒருவருக்கு 15க்குக் கீழே போனாலே கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அக்கா சும்மா இருந்துவிடவில்லை. பள்ளியில் நடந்த முகாமில் "ரத்தம் கம்மி" என்று சொன்ன நாளிலிருந்து, இரண்டு மாதமாகக் காலையில் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு, மாலையில் நான்கு பேரீச்சம்பழம், வாரத்துக்கு இரண்டு மாதுளை, மதியம் கட்டாயம் கீரை என்று வரிந்துகட்டிக்கொண்டு கொடுத்து வந்திருக்கிறார். முகாமில் 9.7 என்று எழுதிக் கொடுத்தது இப்போது 9.8 ஆகியிருந்தது. அந்த அளவு வேறுபாடு கருவியின் ஏற்ற இறக்கத்திலேயே வந்துவிடும். இவ்வளவு பாடுபட்டும் ஏன் ஏறவில்லை என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், ஒரு தாளில் கணக்கைப் போட்டுக் காட்டுவதே நல்லது என்று எனக்குத் தோன்றியது. எந்த வழியைத் தேர்வது என்ற கேள்வியை அந்தக் கணக்குதான் தீர்த்து வைக்கிறது.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 45 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ மூன்று லிட்டருக்குச் சற்று மேல். ஹீமோகுளோபினை 9.8லிருந்து 12.5க்குக் கொண்டுவர, அதாவது ஒவ்வொரு 100 மில்லி இரத்தத்திலும் 2.7 கிராம் கூட்ட, மொத்தம் 85 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக உருவாக வேண்டும். அதற்கு மட்டும் 290 மில்லிகிராம் இரும்பு தேவை. அதன் மேல், வெறுமையாகிப் போன கையிருப்பை ஓரளவுக்காவது நிரப்ப இன்னும் 300 மில்லிகிராம் வேண்டும். ஆக, இவள் உடல் கிட்டத்தட்ட 590 மில்லிகிராம் கடனில் இருக்கிறது. இது சாப்பிட வேண்டிய அளவு அன்று. குடல் உறிஞ்சி இரத்தத்துக்குள் சேர்க்க வேண்டிய அளவு.

கடன் ஒரு பக்கம் இருக்க, அன்றாடச் செலவும் நடந்துகொண்டே இருக்கிறது. தோலும் குடல் சுவரும் உதிர்வதால் நாளுக்கு முக்கால் மில்லிகிராம் அளவில் போகிறது. மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லி இரத்தம் போகும் என்று வைத்துக்கொண்டால், அதை நாள்கணக்கில் பிரிக்கும்போது இன்னும் அரை மில்லிகிராம் சேர்கிறது. வளரும் வயது என்பதால் உடல் பெருக்கத்துக்கும் ஒரு பங்கு வேண்டும். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உறிஞ்சப்பட்டால்தான் இருக்கும் இடத்திலேயே நிற்க முடியும். நம் உணவிலிருந்து சராசரியாக எட்டு சதவீதம்தான் உறிஞ்சப்படும் என்ற மதிப்பீட்டின் பேரில், 13 முதல் 15 வயதுப் பெண்களுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. பெரும்பாலான பெண்களுக்குப் போதுமானதாக இருக்கும்படி சற்று மிகுதியாகவே வைத்த அளவு அது என்றாலும், நம் வீடுகளில் ஒரு பெண் குழந்தை சாப்பிடுவது பல நாட்களில் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

இனி அக்கா கொடுத்தவற்றை இந்தக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். பீட்ரூட்டின் சிவப்பு அதன் நிறமியிலிருந்து வருவது. இரும்புக்கும் அந்தச் சிவப்புக்கும் தொடர்பில்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதனினும் குறைவு. பேரீச்சம்பழம் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் கொடுக்கும் என்றாலும், நான்கு பழம் என்பது முப்பது நாற்பது கிராம்தான். மூன்றையும் சேர்த்து ஒரு நாளில் கிடைப்பது ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டாது. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே சேர்ந்தாலும் 0.15 மில்லிகிராம். அந்த வேகத்தில் 590 மில்லிகிராம் கடனை அடைக்கப் பத்தாண்டு ஆகும். இந்த மூன்றும் கெடுதலானவை அல்ல. ஆனால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையில் இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தை வேறு இடத்தில் போடலாம் என்பதை நான் எங்கும் தயங்காமல் சொல்லி வருகிறேன்.

அடுத்து நிற்பவை இரும்பு உண்மையாகவே உள்ள உணவுகள். இங்கே இரண்டு வகை இருக்கின்றன. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. அந்த வடிவத்துக்குக் குடலில் தனி வழி உண்டு என்பதால், கூடச் சாப்பிடும் தேநீரோ தானியமோ அதை அதிகம் தடுப்பதில்லை; 15 முதல் 35 சதவீதம் வரை உள்ளே போய்விடுகிறது. கீரை, பயறு, தானியம், முட்டை ஆகியவற்றில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. அது உணவில் கூட இருப்பவற்றின் தயவில்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு சதவீதமும் போகலாம், இருபது சதவீதமும் போகலாம்.

அக்கா வீட்டில் எல்லாம் சாப்பிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கச் சொன்னேன். ஆட்டின் மண்ணீரலைத்தான் நம் பக்கத்தில் சுவரொட்டி என்கிறோம். சோகை பிடித்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதை மிளகு போட்டு வதக்கிக் கொடுக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது, அது அறிவுக்குப் பொருந்திய பழக்கம்: பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பைப் பிரித்தெடுக்கும் உறுப்பு அதுவே என்பதால், ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு அதில் இருக்கிறது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்பதால் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். அது கிடைக்காத வாரத்தில் கோழி ஈரல் போதும். நூறு கிராமில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்பது என் வழக்கம். ஒரு வேளைக்கு 75 கிராம் ஈரல் சாப்பிட்டு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தால், வாரத்துக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, நாள்கணக்கில் 0.2. நல்ல உணவுதான், ஆனாலும் தனியாக நின்று கடனை அடைக்க அதனாலும் ஆகாது.

மீனைப் பற்றித் துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தினமும் மீன் சாப்பிடுகிற பிள்ளைக்கு எப்படிச் சோகை வரும் என்று தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மத்தியிலும் நெத்திலியிலும் இரும்பின் அளவு நூறு கிராமுக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம் என்ற அளவில்தான் இருக்கிறது. மீனின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. இறைச்சியும் மீனும், தம்மோடு ஒரே இலையில் இருக்கும் கீரையின் இரும்பையும் பயறின் இரும்பையும் கூடுதலாக உறிஞ்சச் செய்கின்றன. ஆகவே மீன்குழம்பு வைக்கும் நாளில் கீரை வேண்டாம் என்று ஒதுக்கும் வீடுகள், இரண்டும் ஒன்றாக இருந்தால் கிடைத்திருக்கும் பலனை இழக்கின்றன.

சைவம் மட்டும் சாப்பிடும் வீட்டில் முளைக்கீரை, கம்பு, கொள்ளு, எள், தட்டைப்பயறு ஆகியவற்றை நம்பலாம். இவற்றில் இரும்பு நிறையவே இருக்கிறது. கொள்ளில் நூறு கிராமுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல், கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் தானியத்தின் மேல்தோலிலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் விடாமல் செய்கிறது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. பயறை இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, துணியில் கட்டி வைத்து முளை அரை விரற்கடை நீளம் வந்த பின் வேகவைப்பது, நேரே குக்கரில் போடுவதைவிட மேலானது. கேழ்வரகைப் பாலோடு கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுப்பது எலும்புக்கு உதவும். கேழ்வரகில் உள்ள துவர்ப்புப் பொருளும் சுண்ணாம்புச்சத்தும், பாலின் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்து தடுப்பதால், இரும்புக்காக அதை நம்பக் கூடாது.

மூன்றாவது வழி, இருக்கும் உணவையே நேரம் பார்த்துச் சாப்பிடுவது. அக்கா வீட்டில் கோளாறு இங்கேதான் இருந்தது. பெரியவள் காலையில் எழுந்ததும் ஒரு டீ, இட்லி சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு டீ, விடுமுறை நாளில் மதியச் சோற்றுக்குப் பிறகும் ஒரு டீ குடித்து வந்தாள். தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. பெங்களூரில் இளம்பெண்களிடம் சோற்று உணவைக் கொண்டு செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், உணவோடு ஒரு கோப்பை கட்டந்தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சுதல் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. இரண்டு கோப்பையில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பால் ஊற்றிய டீயால் தடை இல்லை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். டானின் போதாதென்று பாலின் சுண்ணாம்புச்சத்தும் அங்கே வந்து சேர்கிறது. காபியும் தடுக்கும், தேநீரைவிடச் சற்றுக் குறைவாக.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நல்ல கையிருப்பு உள்ள பெண்கள் அந்தச் சோற்று உணவிலிருந்து இரண்டரை சதவீத இரும்பை உறிஞ்சினார்கள். சோகை உள்ளவர்கள் பத்து சதவீதம் உறிஞ்சினார்கள். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள், கையிருப்பு இருந்தால் வாசலை மூடுகிறது, இல்லாதபோது திறந்துவிடுகிறது. பற்றாக்குறையில் இருக்கும் உடல் இரும்புக்காக வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்போது, நாம் அந்த வாசலில் டீயை ஊற்றுகிறோம்.

வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. குடலில் கரையாமல் நிற்கும் இரும்பை எளிதில் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. உணவோடு ஒரே வேளையில் இருந்தால்தான் பலன். காலையில் நெல்லிக்காய் தின்றுவிட்டு மதியம் கீரை சாப்பிட்டால், இரண்டும் குடலில் சந்திப்பதில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் வளரிளம் பருவத்தினரிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சோற்று உணவோடு நூறு கிராம் கொய்யாப்பழத்தைச் சேர்த்தபோது இரும்பு உறிஞ்சுதல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நடுத்தரமான ஒரு கொய்யாப்பழம் அந்த எடைதான் இருக்கும். இதைவிட எளிய, மலிவான ஒரு மாற்றத்தை நான் அறியேன்.

எலுமிச்சையும் உதவும், ஆனால் அளவு வேண்டும். ஒரு பழத்தின் சாற்றில் பத்துப் பதினைந்து மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். கொய்யாவில் அதைப் போல் பத்து மடங்குக்கு மேல். நெல்லிக்காயும் கொய்யாவுக்கு இளைத்ததில்லை. வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும் என்பதால், கீரை மசியலை அடுப்பிலிருந்து இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்புதான் மிஞ்சும். கொய்யாவையும் காலையிலேயே நறுக்கி டப்பாவில் அடைக்காமல், முழுப்பழமாகப் பையில் போட்டு அனுப்பி, சோறு சாப்பிடும்போது கடித்துத் தின்னச் சொல்வது நல்லது.

இதை அவளுடைய மதியச் சாப்பாட்டிலேயே கணக்கிட்டோம். நூற்றைம்பது கிராம் அரிசியின் சோறு, ஒரு கை துவரம்பருப்புப் போட்ட சாம்பார், நூறு கிராம் முளைக்கீரை. மொத்தம் ஆறரை மில்லிகிராம் இரும்பு. சோகை உள்ள உடல் என்பதால் பத்து சதவீதம் என்று வைத்தால் 0.65 மில்லிகிராம் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் 0.3. டீயை விட்டுக் கொய்யா தின்றால் 1.3. கீரை அதே கீரை, செலவு ஒரு பழம். டீக்கும் கொய்யாவுக்கும் இடையே நாளுக்கு ஒரு மில்லிகிராம் வேறுபாடு. இரும்பைக் கூட்டுவதற்காக இரண்டு மாதம் அக்கா செய்த முயற்சி அத்தனையையும் விட இது ஆறேழு மடங்கு பெரியது.

ஆனால் இந்த இடத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு மில்லிகிராம் உபரி என்றால் 590 மில்லிகிராம் கடன் அடைய ஒரு வருடம் ஏழு மாதம் ஆகும். பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதப்போகும் ஒரு பெண்ணை, மாடி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையிலேயே அத்தனை காலம் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. "மருந்தில்லாமலே சரி பண்ணிடலாமே" என்று அக்கா கேட்டபோது, அந்தத் தாளைத்தான் மறுபடி காட்டினேன்.

நான்காவது வழியாகிய மாத்திரை இங்கே வருகிறது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அந்த வாராந்தர மாத்திரை சோகை வராமல் காப்பதற்கானது. வந்துவிட்ட சோகையைத் தீர்க்க அது போதாது. சோகையுள்ள 10 முதல் 19 வயதினருக்கு நாள்தோறும் அதே மாத்திரை இரண்டு வீதம் மூன்று மாதம் என்று அரசின் சோகை ஒழிப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு மாத்திரையில் பத்துச் சதவீதம் சேர்ந்தாலே 6 மில்லிகிராம். கொய்யா கொடுத்த உபரியைப் போல் ஆறு மடங்கு.

மருத்துவர் முதலில் இரண்டு மாத்திரை எழுதினார். ஐந்தாம் நாள் பெரியவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் தலையணைக்கடியில் சேர்த்திருப்பது தெரிந்தது. "வயிறு எரியுது சித்தி, வெளிக்குப் போனா கறுப்பாப் போவுது, பயமா இருக்கு" என்றாள். கறுப்பாகப் போவது உறிஞ்சப்படாமல் மீந்த இரும்பின் நிறம். அதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மாத்திரை தோற்றுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். மருத்துவரிடம் திரும்பப் போனபோது நாளுக்கு ஒன்றாகக் குறைத்தார். அதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது: ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் வரை அடுத்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கையிருப்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வில், நாள்தோறும் போட்டவர்களைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கை உறிஞ்சினார்கள். வயிறு தாங்காத பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது நிறுத்திவிடுவதைவிடப் பல மடங்கு நல்லது. அதை முடிவு செய்ய வேண்டியவர் பார்க்கும் மருத்துவர்.

நேரத்தையும் மாற்றி அமைத்தோம். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில், எலுமிச்சைத் தண்ணீரோடு ஒரு மாத்திரை. ஏழரைக்கு இட்லி. காலை டீ இரண்டும் நின்றன. பள்ளி விட்டு வந்து நாலரை மணிக்கு ஒரே ஒரு டீ. அந்த நேரம் மதியச் சோற்றுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் தள்ளி நிற்பதால், டீயையே விட்டுவிடு என்று குழந்தையை வதைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று நாள் காலையில் தலைவலி என்று முனகினாள். அது கேஃபின் பழக்கம் விடும்போது வருவது, நான்காம் நாள் தானே போய்விட்டது. எரிச்சல் இன்னும் இருந்தால் காலை உணவுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். சற்றுக் குறைவாக உறிஞ்சினாலும் போடாமல் விடுவதற்கு அது மேல். பால், கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவற்றை மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. இன்னொன்று மிக முக்கியமானது: வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இந்த மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். மிட்டாய் என்று நினைத்துப் பல மாத்திரைகளை விழுங்கிய குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் அக்கா கேட்டார். அரிசியில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் மிதக்கும் மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்து வந்திருக்கிறார். அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்படுபவை. அப்படிக் கலந்த ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதில் சேர்க்கும் இரும்பு வகை எளிதில் உறிஞ்சப்படுவதன்று. என்றாலும் காசில்லாமல் கையில் வருவதை எறிய வேண்டாம். எட்டுப் பத்துத் தடவை களைந்து கழுவுவதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதை நான்கு வாரத்தில் அறியலாம். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன்பாகக் காரணம் தேட வேண்டும். முதலில், மாத்திரை உண்மையாகவே வயிற்றுக்குள் போனதா? அடுத்து, மாதவிலக்கில் போவது எவ்வளவு? ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைந்துவிடுவது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும், உணவைப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். வெறுங்காலோடு நடமாடும் ஊர்ப்புறங்களில் கொக்கிப்புழுவும் குடலில் இரத்தத்தை உறிஞ்சும். ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் கொடுப்பது அதற்காகத்தான். கடைசியாக, சிவப்பணுக்கள் சிறுத்திருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் அது தாலசீமியா என்ற பரம்பரைக் கூறாக இருக்கலாம். அங்கே இரும்பு மாத்திரை பலன் தராது, வேண்டாத இடத்தில் சேரவும் கூடும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக் களைத்துப்போன பெண்களைப் பார்த்திருப்பதால்தான் அந்த ஒரு பரிசோதனையை நான் வலியுறுத்துகிறேன்.

இவளுக்கு நான்காம் வாரத்தில் 11.1 வந்தது. அதற்கு முன்பே, பத்துப் பன்னிரண்டு நாளில் அரிசி தின்னும் ஆசை விட்டுப்போனது. "இப்ப அது வெறும் அரிசி மாதிரிதான் இருக்கு சித்தி" என்று அவளே வியந்து சொன்னாள். மூன்றாம் மாத முடிவில் 12.5. அன்றே மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அக்கா கேட்டார். ஃபெரிட்டின் அப்போது 22 தான் இருந்தது. இரத்தம் நிறைந்துவிட்டது, கையிருப்பு இன்னும் பாதிதான். அந்த இடத்தில் நிறுத்தினால் ஆறே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மருத்துவரும் இன்னும் மூன்று மாதம் தொடரச் சொன்னார்.

கார்த்திகையில் இளையவளையும் பரிசோதித்தோம். பன்னிரண்டு வயது, பெரியவளாகி மூன்று மாதம். ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 19. இவளுக்குக் கடன் இல்லை, ஆனால் கையிருப்பு மெலிந்திருக்கிறது. செலவு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆகவே இவளுக்கு நாள்தோறும் மாத்திரை தேவைப்படவில்லை. பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையை வாராவாரம் விழுங்குவது, மதியச் சோற்றோடு கொய்யா, வாரத்தில் ஒருநாள் ஈரலோ சுவரொட்டியோ, டீ நாலரை மணிக்கு மட்டும் என்று அக்காவும் நானும் முடிவு செய்தோம். ஆறு மாதம் கழித்து, வைகாசியில் மறுபடி ஃபெரிட்டின் பார்க்க நாள் குறித்திருக்கிறது. பீட்ரூட் சாறு நின்றுவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே கொய்யா விற்கும் தள்ளுவண்டிக்காரம்மாவிடம் அக்கா வாரத்துக்கு இரண்டு கிலோ வாங்குகிறார்.